மட்டுப்பா ஒழுகுகிறது, பெயிண்ட் வேலை நன்றாக இருக்கிறது: மீதிப் பணத்தில் எவ்வளவு நிறுத்தலாம், எப்படி எழுதித் தருவது?

தக்கலை மேற்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்கு வெளிச்சுவர் பெயிண்டும் மட்டுப்பாவுக்கு வாட்டர்ப்ரூஃபிங்கும் ஒரே கான்ட்ராக்டரிடம் கொடுத்தோம். அவர் எழுதித் தந்த கொட்டேஷன் இப்படி: வெளிச்சுவர் பெயிண்ட் 78,000, கைப்பிடிச் சுவர் விரிசல் பூச்சு 16,000, சன்ஷேடு மேல் பூச்சு 18,000, மட்டுப்பா வாட்டர்ப்ரூஃபிங் 1,200 சதுர அடி, அடிக்கு 60 வீதம் 72,000. மொத்தம் 1,84,000 ரூபாய். முன்பணம் ஒரு லட்சம் கொடுத்தாயிற்று. மீதி 84,000.

இடவப்பாதி மழை பிடித்ததும் படுக்கையறை சீலிங்கில் ஈரம் படர்ந்தது. மழைநீர்க் குழாயின் வாய்ப்பக்கம் ஓர் இடம், கைப்பிடிச் சுவரும் வார்ப்பும் சேரும் மூலையில் இன்னோர் இடம். அடியில் அடித்திருந்த பெயிண்ட் பொரிந்துவிட்டது. மற்றபடி பெயிண்ட் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, சன்ஷேடும் நன்றாக இருக்கிறது. கான்ட்ராக்டரைக் கூப்பிட்டால் "மழை விடட்டும் சார், வந்து பார்க்கிறேன், முதலில் மீதியைப் போடுங்கள்" என்கிறார். 84,000-ஐயும் நிறுத்திவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது நியாயமாகப் படவில்லை, ஆனால் முழுதும் கொடுத்துவிட்டால் அவர் திரும்பி வர மாட்டார் என்ற பயமும் இருக்கிறது. எவ்வளவு கொடுப்பது, என்ன எழுதிக் கொடுப்பது?

பார்வதிபுரம் எழுதியது:

ஒன்றும் யோசிக்க வேண்டாம் அண்ணே. 50,000-க்கு ஒரு செக் போடுங்கள், பின்னால் "கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்று எழுதிவிடுங்கள். அவர் அதை பேங்கில் போட்ட அன்றே கதை முடிந்தது, அப்புறம் ஒரு ரூபாய் கேட்க முடியாது. எங்கள் மாமா ஒருவர் அப்படித்தான் செய்தார்.

திற்பரப்பு கரை எழுதியது:

கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்குவது ரொம்பக் கஷ்டம். முன்பணம் கொடுக்கும்போதே பாதிக்கு மேல் கொடுத்திருக்கக் கூடாது. கான்ட்ராக்டர் ஒரு லட்சத்தைத் திருப்பித் தர மாட்டார், போலீசில் புகார் கொடுத்துப் பாருங்கள்.

தக்கலை மேற்கு எழுதியது:

திற்பரப்பு அண்ணே, பணம் திரும்ப வாங்கும் விஷயம் இல்லை. நான்தான் கொடுக்க வேண்டிய இடத்தில் இருக்கிறேன். கொடுப்பதைச் சரியாகக் கொடுத்து, பிரச்சினை உள்ளதை மட்டும் எப்படி நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

கோட்டாறு நீதிமன்றத் தெரு எழுதியது:

நாகர்கோவிலில் சிவில் வழக்குகளின் பக்கம் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

84,000-ஐயும் நிறுத்துவது உங்களுக்கே ஆபத்து. பெயிண்டும் சன்ஷேடும் நன்றாக இருக்கின்றன என்று நீங்களே சொல்கிறீர்கள். அதற்கான பணத்தையும் பிடித்து வைத்தால், நாளைக்கு யார் முன் போனாலும் "கையில் பணத்தை வைத்துக்கொண்டு சாக்குச் சொல்கிறார்" என்றுதான் படும். ஒழுகுகிறது என்ற உங்கள் உண்மையான குறையும் அந்தப் பேச்சில் அடிபட்டுப் போகும்.

அப்படியானால் எவ்வளவு நிறுத்துவது? 72,000 முழுவதுமா என்றால் அதுவும் இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவில் உங்கள் வழக்குக்கென்றே எழுதியதுபோல ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவர் இன்னொருவரின் வீட்டைக் குறிப்பிட்ட விதத்தில் பழுதுபார்ப்பதாகச் சொல்லி முன்பணம் வாங்குகிறார். வேலையைச் செய்கிறார், ஆனால் ஒப்புக்கொண்ட விதத்தில் இல்லை. வீட்டுக்காரருக்குக் கிடைப்பது அந்த வேலையை ஒப்பந்தப்படி சரியாக்க ஆகும் செலவு. உங்கள் அளவுகோல் அதுதான். வேறொரு நல்ல ஆளை வரவழைத்து, அந்த இரண்டு இடத்தையும் சரிசெய்ய என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகைதான் நிறுத்த வேண்டியது.

பார்வதிபுரம் தம்பி சொன்ன செக் வழி வேண்டாம். வாங்குகிறவர் குறைந்த தொகையை முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டால் கணக்கு முடியும் என்பது 63-ஆவது பிரிவில் உள்ளதுதான், அதில் தம்பி சொல்வது பாதி சரி. ஆனால் அவர் ஏற்றுக்கொண்டார் என்பது விளங்க வேண்டும். உங்கள் ஆள் செக்கைப் போட்டுவிட்டு அன்றைக்கே "மீதிக்கு உட்பட்டே இதை எடுத்துக்கொள்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால், செக்கின் பின்னால் நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து அவர் வாயை அடைக்க முடியாது. அதைவிட, வேலை சரியாக நடக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு அது வழியும் அல்ல. வலையில் விழ வைத்த ஆளை அப்புறம் மட்டுப்பாவில் ஏற்ற முடியுமா?

இன்னொன்று. நிறுத்தும் தொகைக்குத் தேதி போட்ட செக் கொடுத்து, பிடிக்காவிட்டால் பேங்கில் நிறுத்தச் சொல்லிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிறுத்தச் சொல்லித் திரும்பிய செக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வரும் என்று 1998-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒழுகும் மட்டுப்பா பற்றிய சண்டை செக் வழக்காக மாறிவிடும். தகராறில் உள்ள பணத்துக்குச் செக்கே வேண்டாம்.

குளச்சல் கடற்கரை எழுதியது:

எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சமையல்காரர் 400 இலைக்கு ஒப்புக்கொண்டு, கடைசிப் பந்தியில் மீன் குழம்பும் பாயாசமும் தீர்ந்து போயின. அதை என்ன செய்து சரியாக்குவது? கல்யாணம் முடிந்தே போயிற்று. கடைசிப் பந்தியில் சாப்பிட்டவர்கள் எண்ணிக்கைக்கு இலை விலையில் கொஞ்சம் கழித்தோம். அவர் சம்மதிக்கவில்லை, இன்றுவரை வழியில் பார்த்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அன்று நாங்கள் வாயால் சொன்னதோடு சரி, எதையும் எழுதவில்லை.

கோட்டாறு நீதிமன்றத் தெரு எழுதியது:

அக்கா, உங்களுடையது வேறு மாதிரி. திருத்த முடியாத வேலையில், வராத பண்டத்துக்கும் வந்த பண்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் கழித்தது நியாயமான முறைதான். ஆனால் எந்த இலைக்கு என்ன கழித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், அவருக்குப் பிடிக்காவிட்டாலும் என்ன கணக்கு என்றாவது தெரிந்திருக்கும்.

இரணியல் கொத்தன் எழுதியது:

நான் இதே தொழிலில் இருப்பவன். எதிர்த்தரப்பையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். பெயிண்ட் கடை பாக்கி வேறு. நீங்கள் 84,000-ஐ நிறுத்தினால் அது என் லாபத்திலிருந்து போவதில்லை, நான் வட்டிக்கு எடுத்துக் கொடுப்பேன். அதனால் கோட்டாறு அண்ணாச்சி சொன்னதுபோல நல்ல வேலைக்கான பணத்தை உடனே போடுங்கள். அந்தப் பணம் வந்தால்தான் அவரும் திரும்பி வருவார்.

அடுத்தது, அது வாட்டர்ப்ரூஃபிங் குறைதானா என்று முதலில் நிச்சயம் செய்யுங்கள். மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? தொட்டிக்குப் போகும் குழாய் மூட்டில் கசிந்தாலும் இதேபோல்தான் சீலிங்கில் படரும். மழை இல்லாத நாளிலும் ஈரம் கூடினால் குழாய், மழைக்குப் பிறகு மட்டும் கூடினால் மேல் பூச்சு. சீலிங்கில் ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள், கோட்டைத் தாண்டுவது தெரியும்.

அப்புறம் சரியான சோதனை தண்ணீர் கட்டிப் பார்ப்பதுதான். மழை விட்ட நாளில் குழாய் வாயைத் துணியும் சிமெண்டும் வைத்து அடைத்து, மட்டுப்பாவில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள், 48 மணி நேரம் விடுங்கள். மூலையில் பூச்சு சுவரின் மேல் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள். தரையில் மட்டும் அடித்துவிட்டு, சுவரில் அரை அடியாவது ஏற்றாமல், மூலையில் சரிவுப் பூச்சும் போடாமல் விட்டிருந்தால் நிச்சயம் அங்கேதான் ஒழுகும். அது பொருளின் குறை இல்லை, வேலையின் குறை. அதை எங்கள் ஆட்களே ஒப்புக்கொள்வார்கள்.

தக்கலை மேற்கு எழுதியது:

இரணியல் அண்ணே, ரொம்ப நன்றி. மழை இல்லாத நாளில் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துப் பார்த்தோம், ஈரம் கூடவில்லை. மழை இரண்டு நாள் விட்டபோது தண்ணீர் கட்டினோம், குழாய் வாய்ப்பக்கமும் மூலையிலும்தான் கீழே கசிந்தது, நடுப்பகுதியில் ஒன்றும் இல்லை. மூலையில் பூச்சு சுவரில் இரண்டு விரல் உயரம்கூட ஏறவில்லை. எல்லாவற்றையும் படம் எடுத்திருக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மூலை நெடுகிலும் கொத்தி எடுத்துச் சரிவுப் பூச்சு போட்டு, குழாய் வாயைச் சுற்றி மறுபடி அடைத்து, சுமார் 150 சதுர அடிக்குப் பூச்சு ஏற்றி, தண்ணீர் கட்டிக் காட்டித் தர 21,000 எழுதித் தந்தார். சீலிங்கைச் சுரண்டிப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க தனியாக 5,000. இரண்டும் சேர்த்து 26,000.

கோட்டாறு நீதிமன்றத் தெரு எழுதியது:

அப்படியானால் கணக்கு தெளிவாகிவிட்டது. 84,000-இல் 26,000-ஐ நிறுத்துங்கள், 58,000-ஐக் கொடுங்கள்.

ஆனால் இந்த 26,000-இல் இரண்டு வகைப் பணம் இருக்கிறது, அதைக் கலந்து எழுதாதீர்கள். 21,000 என்பது அவர் முடிக்காத வேலையின் விலை. அவரே வந்து சரிசெய்தால் அது அவருக்குப் போய்விட வேண்டும். 5,000 என்பது அவர் வேலையால் உங்கள் சீலிங்குக்கு வந்த சேதம். மூலையை அவர் சரிசெய்தாலும் சீலிங் தானாகச் சரியாகாது. இரண்டையும் ஒரே வரியில் போட்டால், அவர் மூலையைச் சரிசெய்த அன்று "26,000-ஐயும் கொடு" என்பார்.

இன்னொரு விஷயம் முன்பணம். அந்த ஒரு லட்சம் எந்த வேலைக்கு என்று நீங்கள் அன்று சொல்லவில்லை. இப்போது கொடுப்பதையாவது எதற்கு என்று சொல்லிக் கொடுங்கள். பணம் கொடுப்பவர் இந்தத் தொகை இந்தக் கணக்குக்கு என்று சொல்லிக் கொடுத்து, வாங்குபவர் வாங்கிக்கொண்டால் அதை அப்படியே வரவு வைக்க வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு. சொல்லாவிட்டால் வாங்குபவர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிரிவு தனித்தனிக் கடன்களைப் பற்றியது, உங்களுடையது ஒரே கொட்டேஷன்தான், அதனால் அது அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் இனம் பிரித்து எழுதினால் எது தீர்ந்தது, எது தகராறு என்பதில் பின்னால் யாரும் குழப்ப முடியாது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். மாற்றிக்கொள்ளுங்கள்:

"ஐயா, தங்கள் கொட்டேஷன்படி வேலையின் மொத்தத் தொகை ரூ. 1,84,000. முன்பணம் ரூ. 1,00,000 கொடுத்துள்ளேன். இன்று ரூ. 58,000 அனுப்புகிறேன். இதோடு நான் கொடுத்தது ரூ. 1,58,000. இதில் வெளிச்சுவர் பெயிண்ட் ரூ. 78,000, கைப்பிடிச் சுவர் பூச்சு ரூ. 16,000, சன்ஷேடு ரூ. 18,000 ஆகியவை முழுவதும் தீர்ந்தன. இந்த மூன்று வேலையிலும் எனக்குக் குறை இல்லை. வாட்டர்ப்ரூஃபிங் தொகை ரூ. 72,000-இல் ரூ. 46,000 கொடுத்தாயிற்று.

மீதி ரூ. 26,000-ஐக் கீழ்க்கண்ட காரணத்தால் கொடுக்கவில்லை. (தேதி) அன்று தண்ணீர் கட்டிப் பார்த்ததில் மழைநீர்க் குழாய் வாயிலும் கிழக்குக் கைப்பிடிச் சுவரின் மூலையிலும் கசிவு இருந்தது. படங்கள் இணைத்துள்ளேன். அதைச் சரிசெய்ய ஆகும் ரூ. 21,000-ஐ நிறுத்துகிறேன். கசிவால் கெட்ட படுக்கையறை சீலிங்கைச் சரிசெய்ய ரூ. 5,000-ஐ இழப்பாகக் கழிக்கிறேன். இந்த ரூ. 26,000 தங்களுக்குத் தர வேண்டிய பாக்கி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை.

(தேதி)க்குள் தாங்களே கசிவைச் சரிசெய்து, இருவரும் இருக்கும்போது 48 மணி நேரம் தண்ணீர் கட்டி ஒழுகவில்லை என்று தெரிந்தால் ரூ. 21,000-ஐ அன்றே தருவேன். அதற்குள் வராவிட்டால் வேறு ஆளை வைத்துச் சரிசெய்து, அவருடைய பில் தொகையைக் கழித்து, மீதி இருந்தால் தங்களுக்கு அனுப்புவேன்.

ரூ. 58,000-ஐப் பெற்றுக்கொள்வதால் நிறுத்திய தொகையைக் கேட்கும் தங்கள் உரிமை போகாது. நான் கொடுப்பதால் வாட்டர்ப்ரூஃபிங் வேலையை ஏற்றுக்கொண்டதாகவும் ஆகாது."

கடைசிப் பத்தியை விடாதீர்கள். அதில்தான் அவருக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, அதனால் பயமில்லாமல் பணத்தை வாங்குவார். கடிதத்தை முதலில் வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள், அப்புறம் பணத்தைப் போடுங்கள். ஜிபேயில் குறிப்பு எழுதும் இடம் சிறியது, "இன்றைய கடிதப்படி பகுதித் தொகை" என்று போட்டால் போதும். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

பார்வதிபுரம் எழுதியது:

ஆனால் அண்ணாச்சி, எதையும் எழுதிக் கொடுக்காமல் இருப்பதுதானே நல்லது? கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் மூன்று வருடக் காலவரையறை புதிதாகத் தொடங்கும் என்று படித்திருக்கிறேன். பேசாமல் 58,000 போட்டுவிட்டு விட்டுவிடலாமே.

கோட்டாறு நீதிமன்றத் தெரு எழுதியது:

தம்பி படித்தது சரி. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் 18-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இன்னும் கூட்டிச் சொல்கிறேன்: கொடுக்க மறுத்துக்கொண்டே எழுதினாலும், கழித்துக்கொள்வேன் என்று எழுதினாலும்கூட அது ஒப்புதலாக ஆகக்கூடும் என்று அதன் விளக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான் "மீதியை அப்புறம் தருகிறேன்", "பாக்கி 26,000" என்ற சொற்களே வரக்கூடாது என்கிறேன். பாக்கி என்று ஒப்புக்கொள்ளவில்லை என்ற வரி இருக்கட்டும்.

ஆனால் பேசாமல் பகுதிப் பணம் போட்டால் என்ன ஆகும்? 19-ஆவது பிரிவின்படி, கடனில் ஒரு பகுதியைக் கொடுத்ததற்கு உங்கள் கையெழுத்தோ எழுத்தோ இருந்தால் அதுவும் காலவரையறையை நீட்டும். ஆக, தப்பிக்க முடியாத விஷயத்துக்குப் பயந்து, ஒழுகியதைச் சொன்னதற்கான ஒரே ஆதாரத்தையும் விட்டுவிடுவீர்கள். ஆறு மாதம் கழித்து அவர் "ஒரு குறையும் சொல்லாமல் பாதிப் பணம் போட்டார், மீதியை ஏமாற்றுகிறார்" என்றால் உங்களிடம் காட்ட என்ன இருக்கும்? இங்கே மூன்று வருடம் பெரிய விஷயம் இல்லை, என்ன குறை என்று எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்பதுதான் பெரிது.

குளச்சல் கடற்கரை எழுதியது:

பணம் முழுவதும் கொடுக்காதவர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று எங்களிடம் ஒருவர் சொன்னார். அது உண்மையா?

கோட்டாறு நீதிமன்றத் தெரு எழுதியது:

இல்லை அக்கா. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோர் யார் என்று சொல்லும் இடத்திலேயே, பகுதி கொடுத்துப் பகுதி கொடுப்பதாகச் சொன்னவரும் அடங்குவார். நாகர்கோவிலில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. இவர் கணக்கு ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. குறை தெரிந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். முதலில் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதியலாம். ஆனால் அங்கே போகும்போது இந்தக் கடிதமும் படங்களும்தான் பேசும்.

தக்கலை மேற்கு எழுதியது:

கடிதத்தை அனுப்பி, 58,000 போட்டேன். முதல் நாள் கோபமாகப் பேசினார். மறுநாள் அவரே கூப்பிட்டு, "எந்தக் கணக்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், சரி, மூலையை நான் செய்து தருகிறேன், 5,000 மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்றார். இப்போது மூலையைக் கொத்தி வேலை நடக்கிறது.

இரண்டு கேள்வி பாக்கி. வேலை சொன்ன தேதிக்கு மேல் நிறைய நாள் இழுத்தது, அதற்கும் கழிக்கலாமா? மேலும், முழுப் பணம் வந்தால்தான் ஐந்து வருட உத்தரவாதச் சீட்டு தருவேன் என்கிறார்.

இரணியல் கொத்தன் எழுதியது:

தாமதத்துக்குக் கழிப்பது சரியில்லை அண்ணே. ஒரு நாளுக்கு இவ்வளவு என்று முதலில் பேசியிருந்தால் சரி. மழையில் பூச்சு அடித்தால் ஒட்டாது, நாங்களே காத்திருந்துதான் அடிப்போம். கடிதத்தில் இல்லாததை இப்போது சேர்த்தால் வந்த ஆளும் போய்விடுவார்.

குளச்சல் கடற்கரை எழுதியது:

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயிண்ட் நாற்றத்தில் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். தாமதத்தால் வாடகை வீடு எடுத்துச் செலவு செய்திருந்தால் ரசீதோடு கேட்கலாமே.

கோட்டாறு நீதிமன்றத் தெரு எழுதியது:

செலவு ரசீது இருந்தால் கேட்கலாம், இல்லாமல் மதிப்புப் போட்டுக் கழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அதில் வக்கீல்களுக்குள்ளேயே ஒரே பேச்சு இருக்காது.

உத்தரவாதச் சீட்டுக்கு 21,000-ஐக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள், பணமும் சீட்டும் ஒரே நேரத்தில் கை மாறட்டும். சீட்டில் தொடக்கத் தேதி மூலை சரிசெய்த பிறகு தண்ணீர் கட்டிப் பார்த்த தேதியாக இருக்க வேண்டும். 5,000 பற்றி இப்போது ஒத்துப்போகவில்லை என்றால், அதற்காக மற்றதை நிறுத்த வேண்டாம். 21,000 கொடுக்கும்போது இப்படி ஒரு ரசீதில் கையெழுத்து வாங்குங்கள்: "வாட்டர்ப்ரூஃபிங் கணக்கில் இதுவரை ரூ. 67,000 பெற்றுக்கொண்டேன். கசிவு சரிசெய்ததை இருவரும் (தேதி) அன்று தண்ணீர் கட்டிப் பார்த்தோம். சீலிங் சேதத்துக்காகக் கழித்த ரூ. 5,000 பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு உள்ளது, அது இந்த ரசீதில் அடங்காது." ஒரு பிரதி அவருக்கும் கொடுங்கள்.